அம்மா துபாயில், மகன் தாராவியில்: செய்திகளால் மட்டுமே ஆன சிறுகதை எப்படி வேலை செய்கிறது?

வாட்ஸ்ஆப் செய்திகளை மட்டும் அடுக்கி எழுதும் சிறுகதைகள் இப்போது நிறைய வருகின்றன. கதைசொல்லி கிடையாது, வருணனை கிடையாது. ஒருவர் அனுப்புகிறார், மற்றவர் பதில் போடுகிறார், கதை முடிகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அம்மா, ஊரில் இருக்கும் மகன் என்ற ஏற்பாடு இந்த வகைக்கு ரொம்பவே பிடித்துப்போய்விட்டது. மும்பையில் நாங்கள் சிலர் கூடிக் கதை படிக்கும்போது, இந்த வகை வந்தாலே இரண்டு கருத்துகள் மோதும். ஒன்று, "இது வெறும் வசனம்தானே, 'என்றாள்', 'என்றான்' இரண்டையும் எடுத்துவிட்டால் தீர்ந்தது" என்பது. மற்றது, "நிஜ சாட்டை அப்படியே எடுத்துப் போட்டாலே கதைதான்" என்பது.

இரண்டுமே சரியில்லை. வசனத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். செய்தியில் அப்படி இல்லை, அந்த விலகல்தான் கதையை நடத்துகிறது. நிஜ சாட்டில் அந்த விலகல் இருக்கும், ஆனால் முக்கால்வாசி "குட் மார்னிங்" பூக்களுக்கு நடுவே புதைந்து கிடக்கும். இந்த வடிவத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை, ஒரு சின்னக் கதையை வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

பக்கத்து இருக்கைக்காரரின் ஃபோன்

குர்லாவில் லோக்கல் ஏறுகிறீர்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஃபோனில் பேசிக்கொண்டு வருகிறார். "ம்... இல்ல, அவளுக்குத் தெரியாது... வித்துட்டியா? எவ்வளவுக்கு?... சரி, அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்." நீங்கள் காதைத் தீட்டிக்கொள்கிறீர்கள். சிஎஸ்எம்டி வருவதற்குள் நகை, கடன், தங்கை, அம்மா என்று ஒரு குடும்பக் கதையே உங்கள் தலைக்குள் கட்டி முடிந்திருக்கும். அந்த மனிதர் உங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லாததால்தான் நீங்கள் இவ்வளவு கவனமாகக் கேட்டீர்கள். அவரே திரும்பி, "அதாவது சார், என் தங்கச்சிக்கு..." என்று ஆரம்பித்தால் நீங்கள் ஜன்னல் பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.

செய்திக் கதையின் அடிப்படை இதுதான். ஒவ்வொரு வரியும் வேறொருவருக்குப் போகிறது, வாசகர் ஒட்டுக்கேட்கிறார். ஆனால் ரயிலில் பாதிப் பேச்சுதான் காதில் விழுந்தது. கதையில் இரண்டு பாதியும் கண்முன் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு பாதி குறைகிறது: இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை அவர்கள் சொல்ல மாட்டார்கள், ஒருவர் மறைப்பதை அவரும் சொல்ல மாட்டார்.

நமக்கு இது புதிது அல்ல

கதைசொல்லி இல்லாமல், ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதை மட்டும் வைத்துக் கதை உணர்த்துவது தமிழில் மிகப் பழைய வேலை. சங்க அகப்பாட்டு ஒவ்வொன்றும் தலைவியோ தோழியோ தாயோ யாரோ ஒருவர் பேசுவது. இதற்குக் கூற்று என்று பெயர். யார் யாரிடம் பேசுகிறார்கள், எந்தச் சூழலில் என்பதைப் பாட்டைக் கேட்பவர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். தொல்காப்பியத்தின் செய்யுளியல் இதற்கென்றே இரண்டு உறுப்புகளைச் சொல்கிறது. இந்த இடத்தில் இந்தப் பேச்சை இன்னார் இன்னாரிடம் சொல்வதுதான் பொருந்தும் என்று நம்மை உணரவைப்பது முன்னம். சொல்லாலோ குறிப்பாலோ கேட்பவர் நிறைத்து முடித்துக்கொள்ளும்படி விடப்பட்டது எச்சம். இந்த இரண்டு சொல்லையும் இனி இதே பொருளில் எடுத்தாளுகிறேன். செய்திக் கதைக்கு இவற்றைவிடப் பொருத்தமான கருவிகள் எனக்குத் தெரியவில்லை.

கடிதங்களால் ஆன நாவலும் நமக்கு உண்டு. மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' 1921இல் வந்தது. ஆனால் கடிதம் வேறு, செய்தி வேறு. கடிதம் எழுதுகிறவர் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து விவரிக்கலாம். பக்கம் பக்கமாக எழுதினாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். செய்தியில் அந்த வசதி இல்லை. ஐந்து சொல், பத்து சொல். அதனால் கடிதக் கதையில் விவரிப்பு செய்யும் வேலையைச் செய்திக் கதையில் நேரமும் மௌனமும் செய்தாக வேண்டும்.

இதுவரை பார்த்தது: வரிகள் வாசகருக்கு அல்ல, இன்னொரு பாத்திரத்துக்கு. அந்த வரி அவர்களுக்குள் பொருந்துவது முன்னம். வாசகர் நிறைக்கும் இடம் எச்சம்.

ஏன் ஃபோன் செய்து பேசவில்லை?

வாசகர் மனதில் முதலில் எழும் கேள்வி இது. பதில் இல்லையென்றால் கதை முழுக்க ஒரு பொய்யின் மேல் நிற்கும். அம்மாவும் மகனும் எதற்காக எழுதிக்கொண்டிருக்க வேண்டும், ஒரு தடவை பேசினால் ஆயிற்றே?

அம்மாவை எந்த நாட்டில் வைக்கிறோம் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்ஆப்பில் எழுத்தும் குரல் பதிவும் போகும், வாட்ஸ்ஆப் வழியாகப் பேசும் அழைப்பு மட்டும் போகாது. அங்கே அனுமதி பெற்ற வேறு செயலிகள் இருக்கின்றன, அவற்றில் பேசலாம். ஆனால் வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண்ணுக்குப் பேசத் தனியிடமும் வேண்டும், நேரமும் வேண்டும். அடுக்களையில் நின்றுகொண்டு சத்தமில்லாமல் ஒரு வரி அனுப்புவது சுலபம், பேசுவது அப்படியல்ல. ஆக, துபாய் என்று வைத்துவிட்டால் வடிவத்துக்கான காரணம் அந்த ஊரிலேயே கிடைக்கிறது. கதையில் இதை விளக்கவும் வேண்டாம்.

அடுத்தது, எழுத ஆரம்பிக்கும் முன் ஒரு தாளில் இருவருடைய நாளையும் போட்டுக்கொள்வது. துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். நம் அம்மா காலை 5 மணிக்கு எழுகிறார், அப்போது மும்பையில் 6:30. மத்தியானச் சமையல் முடிந்து ஒரு அரைமணி படுப்பது அங்கே 2:30, இங்கே மாலை 4. பாத்திரம் கழுவி அறைக்குப் போவது இரவு 11, இங்கே 12:30. ஆக மும்பைக் கணக்கில் அம்மாவின் கையில் ஃபோன் இருப்பது காலை 6:30, மாலை 4, நள்ளிரவு 12:30 ஆகிய மூன்று சமயங்களில் மட்டும்.

மகன் சுரேஷ் பன்னிரண்டாவது படிக்கிறான். ஜூனியர் காலேஜ் காலை ஷிஃப்ட், மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவான். மாலை 5 மணிக்கு கிளாஸ், அதாவது டியூஷன். காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைப்பது அவன் வேலை. இப்போது இரண்டு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை 6:30க்கும் மாலை 4 மணிக்கும் இருவர் கையிலும் ஃபோன் இருக்கிறது. நள்ளிரவில் அம்மா மட்டும்தான் இருக்கிறார், அவன் தூங்குகிறான். இந்த அட்டவணை கதையில் அச்சாகப் போவதில்லை. ஆனால் கதை முழுவதும் இதன் மேல்தான் ஓடும்.

நாம் பார்ப்பது யாருடைய திரை?

இதை முடிவு செய்யாமல் எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. வாட்ஸ்ஆப்பில் எல்லோருக்கும் ஒரே திரை தெரிவதில்லை. நீங்கள் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் மட்டும்தான் டிக் குறி வரும்: போனதும் சாம்பலில் ஒன்று, அந்தப் பக்கம் சேர்ந்ததும் இரண்டு, படித்ததும் இரண்டும் நீலம். உங்களுக்கு வந்த செய்தியில் டிக் கிடையாது. ஆக மகனுடைய ஃபோனைப் பார்க்கிறோம் என்றால், அவன் எழுதியதை அம்மா படித்தாரா என்பது தெரியும். அம்மா தன் பக்கம் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரியாது.

நேரமும் அப்படித்தான். ஃபோன் தான் இருக்கும் ஊரின் நேரத்தைத்தான் காட்டும். அம்மா துபாயில் இரவு 11:08க்கு அனுப்பியது மகன் திரையில் 12:38. பலர் அம்மாவின் செய்திக்கு துபாய் நேரத்தையும் மகனின் செய்திக்கு இந்திய நேரத்தையும் போடுகிறார்கள். விளைவு, மகன் 10 மணிக்குக் கேட்ட கேள்விக்கு அம்மா 8:40க்கே பதில் சொல்லிவிடுகிறார்! ஒரே திரை, ஒரே கடிகாரம். நம் கதையில் அது சுரேஷின் ஃபோன்.

கதை

மும்பையில் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள், பல அம்மாக்களும் அப்படித்தான். கதையில் தமிழ் எழுத்திலேயே எழுதுவது ஒரு மரபு, வாசகர் அதைக் கேள்வி கேட்பதில்லை. குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தது, அதனால் பாட்டி 'ஆச்சி'.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இரவு 12:38 அம்மா: தூங்கிட்டியாய்யா
இரவு 12:39 அம்மா: பணம் போட்டாச்சு. கிளாஸ் ஃபீஸ முதல்ல கட்டு
காலை 6:35 சுரேஷ்: வந்துட்டும்மா. தண்ணி புடிச்சிட்டு இருக்கேன்
காலை 6:36 அம்மா: ஆச்சிய தூக்க விடாத. முட்டு வலி
மாலை 4:03 அம்மா: சாப்ட்டியா
மாலை 4:03 சுரேஷ்: ம்
மாலை 4:04 அம்மா: 14ந்தேதி அப்பாவுக்கு மாலை வாங்கிப் போடு. போன வருசம் மாதிரி சின்னதா வாங்காத
மாலை 4:04 சுரேஷ்: சரி. நீ சாப்ட்டியா
மாலை 4:06 அம்மா: ஆச்சு

செப்டம்பர் 12, வியாழன்

மாலை 4:10 அம்மா: கிளாஸ் கிளம்பிட்டியா
இரவு 9:48 சுரேஷ்: இப்பதான் பாத்தேன்

செப்டம்பர் 13, வெள்ளி

இரவு 12:41 அம்மா: இவ்வளவு நேரமா கிளாஸ்
காலை 6:33 சுரேஷ்: எக்ஸ்ட்ரா கிளாஸ்
காலை 6:33 சுரேஷ்: ஆச்சிக்கு மருந்து வாங்கிட்டேன். 1140 ஆச்சு
காலை 6:35 அம்மா: அதுக்கு ஏது காசு
பகல் 1:12 சுரேஷ்: இருந்துச்சு

அக்டோபர் 8, செவ்வாய்

காலை 6:31 அம்மா: பரீட்சைக்கு ஃபார்ம் குடுத்துட்டாங்களா
பகல் 1:09 சுரேஷ்: ஆச்சி இன்னைக்கு இட்லி சாப்ட்டா
பகல் 1:09 சுரேஷ்: ரெண்டு

அக்டோபர் 20, ஞாயிறு

பகல் 11:02 சுரேஷ்: (படம்)
மாலை 4:02 அம்மா: ஆச்சி மெலிஞ்சிட்டா
மாலை 4:02 அம்மா: அவ தோள்ல இருக்கது உன் கையா
மாலை 4:03 அம்மா: கட்டவிரல்ல என்ன
மாலை 4:03 சுரேஷ்: ஒண்ணுமில்ல. கத்திரி பட்டுட்டு
மாலை 4:03 அம்மா: என்ன கத்திரி

அக்டோபர் 24, வியாழன்

இரவு 12:52 அம்மா: (செய்தி நீக்கப்பட்டது)
இரவு 12:58 அம்மா: தீபாவளி சீசன். ராத்திரி எத்தன மணிக்கு விடுவாங்க
காலை 6:30 சுரேஷ்: பத்தர
காலை 6:31 அம்மா: மூக்குல துணி கட்டிக்கோ. பஞ்சு உள்ள போவும்

கதை அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடந்தது

சுரேஷ் காலேஜையும் கிளாஸையும் விட்டுவிட்டு, தைக்கிற காரகானா ஒன்றில் தாகா கட்டிங் வேலைக்குப் போகிறான். தைத்து முடித்த துணியில் தொங்கும் நூலைச் சின்னக் கத்திரியால் வெட்டி எடுக்கும் வேலை அது. தீபாவளி நெருங்க நெருங்க நேரம் நீளும். இதை யாரும் எங்கும் சொல்லவில்லை. பிறகு நமக்கு எப்படித் தெரிந்தது?

முதல் தடயம் மாலை 4 மணி. ஆகஸ்டில் அந்த நேரத்துக்கு அம்மா கேட்டால் அதே நிமிஷத்தில் பதில் வருகிறது. செப்டம்பரில் அதே நேரத்துக் கேள்வி ஐந்தரை மணி நேரம் கிடக்கிறது. அதோடு புதிதாக ஒரு நேரம் முளைக்கிறது: பகல் 1:12, 1:09. வேலையிடத்தில் சாப்பாட்டுக்கு விடும் நேரம். அக்டோபர் 20 அன்று மாலை 4:03க்கு உடனே பதில் வருகிறது, ஏனென்றால் அன்று ஞாயிறு. வாசகர் இதைக் கணக்குப் போட்டுக்கொண்டு படிக்க மாட்டார். ஆனால் முதல் பகுதியில் கேள்வி பதில் ஒட்டி ஒட்டி வந்ததை அவர் கண் பழகிவிட்டது, பிறகு அது குலையும்போது உறுத்தும். ஒழுங்கைக் காட்டாமல் குலைவைக் காட்ட முடியாது. ஆகஸ்ட் பகுதியில் 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று சலித்துக்கொண்டு அதை வெட்டிவிட்டால் செப்டம்பர் பகுதிக்குப் பொருளே இருக்காது.

இரண்டாவது தடயம் இடம் மாறிய பதில். 'ஃபார்ம் குடுத்துட்டாங்களா' என்பதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. ஆச்சி இட்லி சாப்பிட்ட கதையைச் சொல்கிறான், அதையும் எண்ணிக்கையோடு சொல்கிறான். அவன் பொய் சொல்லத் தயங்குகிறான், அதனால் வேறொரு உண்மையை அனுப்புகிறான். ஏற்கெனவே 'எக்ஸ்ட்ரா கிளாஸ்' என்று ஒரு பொய் சொன்னவன் இப்போது அதைக்கூடச் செய்யவில்லை. ஒரு மாதத்துக்குள் அவனுக்குள் ஏதோ நகர்ந்திருக்கிறது. கதைசொல்லி இருந்திருந்தால் 'அவனுக்கு மேலும் பொய் சொல்ல மனம் வரவில்லை' என்று எழுதியிருப்பார், நாமும் அதைப் படித்துவிட்டுக் கடந்து போயிருப்போம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இந்த வடிவத்தில் எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். அம்மா பார்த்ததைத் தவிர வாசகர் வேறெதையும் பார்க்கவில்லை. இருவருக்குள் நடக்கும் ஒரே சாட், மூன்றாவது தகவல் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் வாசகர் அம்மாவுக்கு முன்பே சந்தேகப்படுகிறார். காரணம் வேகம். அம்மா மூன்று மாதமாக, வேலைக்கு நடுவே, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நாம் அதை மூன்று நிமிஷத்தில் படித்தோம். ஆகஸ்டும் அக்டோபரும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வாசகருக்குக் கூடுதலாகக் கிடைத்தது இந்த அருகாமை மட்டுமே.

மூன்றாவது, படம். அதில் என்ன இருக்கிறது என்று அடைப்புக்குறிக்குள் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் கதைசொல்லி பின்வாசல் வழியாக உள்ளே வந்திருப்பார். படத்தை அம்மாதான் நமக்கு வருணிக்கிறார், அதையும் வருணனையாகச் செய்யவில்லை, கேள்வியாகச் செய்கிறார். முதலில் ஆச்சி, பிறகு தோள், பிறகு விரல். அவர் கண் போகும் வழி அப்படியே தெரிகிறது.

நான்காவது, நீக்கிய செய்தி. இரவு 12:52க்கு அம்மா ஏதோ அனுப்பி, அழித்துவிட்டார். அடுத்த செய்தி 12:58க்கு. ஆறு நிமிஷம். அந்த நேரத்தில் சுரேஷ் தூங்குகிறான் என்று ஆகஸ்டிலேயே நமக்குத் தெரியும், ஆகவே அவன் அதைப் படித்திருக்க மாட்டான். காலையில் அவன் திரையில் அழித்த தடம் மட்டும் இருக்கும். திட்டா, அழுகையா, 'வேலைய விட்டுட்டு வந்துடுறேன்' என்பதா? இது எச்சம். இங்கே எழுத்தாளர் பதிலைத் தன் மனதில் வைத்திருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். தனக்கே தெரியாமல் விடும் இடைவெளி வாசகருக்கும் வெறும் ஓட்டையாகத்தான் படும்.

கடைசியாக அந்த இரண்டு வரிகள். 'எனக்குத் தெரிஞ்சு போச்சு' என்று அம்மா சொல்லவே இல்லை. 'எத்தன மணிக்கு விடுவாங்க' என்று கேட்கிறார். அவன் 'பத்தர' என்கிறான். அதுதான் ஒப்புதல். பிறகு 'பஞ்சு உள்ள போவும்' என்கிறார். இது எப்படி அவருக்குத் தெரியும்? முன்பு அவரே அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். அம்மாவின் துபாய்க்கு முந்தைய வாழ்க்கை முழுவதும் அந்த வரிக்குள் வந்துவிட்டது. இந்தப் பேச்சை இந்த அம்மா இந்த மகனிடம்தான் சொல்ல முடியும். முன்னம் என்று சொன்னது இதைத்தான்.

சுருக்கமாக: பதில் வரும் நேரம், கேட்டதற்குப் பதிலாக வரும் வேறு பதில், எதிராளி பார்க்கும் பார்வை, அழித்த தடம். கதை இவற்றில் இருக்கிறது. செய்திகளின் சொற்கள் இவற்றைத் தாங்கி நிற்கின்றன.

எங்கே சறுக்கும்

பெரும்பாலும் முதல் வரியிலேயே சறுக்கும். 'மகனே, உன் அப்பா இறந்த பிறகு நான் துபாய்க்கு வீட்டு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஓடிவிட்டது. உன் பாட்டியுடன் தாராவியில் நன்றாக இருக்கிறாயா?' மகனுக்கு இதில் தெரியாத சேதி ஒன்றுகூட இல்லை. அம்மா மகனைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு வாசகரைப் பார்த்துப் பேசுகிறார். ரயிலில் அந்த மனிதர் திரும்பி 'அதாவது சார்' என்று ஆரம்பித்த கதைதான்.

ஆனால் அப்பா இல்லை என்பது வாசகருக்குத் தெரிய வேண்டுமே? தெரியவைக்கலாம், அதைச் சொல்ல அம்மாவுக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தால். மேலே 14ந்தேதி மாலை பற்றிய வரி அதற்காகத்தான். தேதியை ஞாபகப்படுத்த அவருக்குத் தேவை இருக்கிறது. 'போன வருசம் மாதிரி' என்பதிலிருந்து அப்பா போய் ஒரு வருடமாவது ஆயிற்று என்பதும், 'சின்னதா வாங்காத' என்பதிலிருந்து பையன் காசை மிச்சம் பிடிக்கிறவன் என்பதும் கூடவே கிடைக்கின்றன. ஒவ்வொரு செய்தியையும் நிறுத்தி, 'இதை இவர், இவருக்கு, இந்த நேரத்தில் ஏன் அனுப்புகிறார்?' என்று கேளுங்கள். 'வாசகருக்குத் தெரியவேண்டுமே' என்பதுதான் பதில் என்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது, ஒன்றுக்கு ஒன்று என்று ஒழுங்காகப் போகும் செய்திகள். அம்மா ஒன்று, மகன் ஒன்று, அம்மா ஒன்று. யாரும் அப்படி அனுப்புவதில்லை. ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்து அனுப்புகிறோம், பதிலுக்குக் காத்திராமல் இன்னொன்று போடுகிறோம். அக்டோபர் 20 மாலையில் அம்மா தொடர்ந்து மூன்று அனுப்புகிறார். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே தட்டுகிறார் என்பது அதில் தெரிகிறது.

பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்ப்பதும் ஒரு சோதனை. யார் எழுதியது என்று தெரியவில்லையென்றால் இருவரும் ஒரே ஆள் மாதிரிப் பேசுகிறார்கள் என்று அர்த்தம். நம் கதையில் அம்மா கட்டளையிலும் கேள்வியிலும் பேசுகிறார், சுரேஷ் முடிந்தவரை குறைவாகப் பேசுகிறான். அவன் கேட்கும் ஒரே கேள்வி 'நீ சாப்ட்டியா' மட்டும்தான், அதுவும் ஆகஸ்டில். மறைக்க ஆரம்பித்த பிறகு அவன் எதையும் கேட்பதில்லை.

பிறகு அந்த ஒற்றை டிக் முடிவு. மகன் அனுப்பிக்கொண்டே இருக்கிறான், டிக் ஒன்றாகவே நிற்கிறது, அம்மா இறந்துவிட்டார் என்று வாசகர் புரிந்துகொள்ள வேண்டும். நீல டிக் வந்த 2014க்குப் பிறகு இந்த முடிவை எத்தனை கதையில் பார்த்தோம் என்று எண்ணி முடியாது. அதோடு அது நிரூபிப்பதும் குறைவு. ஃபோன் அணைந்திருந்தாலும் ஒற்றை டிக்தான், நெட் இல்லாவிட்டாலும் ஒற்றை டிக்தான், எண்ணை பிளாக் செய்திருந்தாலும் அதேதான்.

இந்த வடிவத்துக்கு வராதவை

இரண்டு பேருக்கு வெளியே இருக்கும் எவரும் இதில் கஷ்டப்பட்டுத்தான் நுழைய முடியும். நம் கதையில் ஆச்சி இருக்கிறார். பேரன் இரவு நேரம் கழித்துச் சட்டையெல்லாம் நூல்துண்டோடு வீட்டுக்கு வருவதை முதல் நாளே பார்த்தவர் அவர்தான். மகளிடம் ஏன் சொல்லவில்லை? தன் மருந்துக்காகத்தான் அவன் போகிறான் என்று தெரிந்து வாயடைத்துப் போனாரா, இல்லை பேரன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டானா? கதையின் கனமான இடம் அதுவாகக்கூட இருக்கலாம். ஆனால் ஆச்சியிடம் ஃபோன் இல்லை.

ஒரே ஒரு வழி உண்டு. ஒரு நாள் பகல் 11 மணிக்கு, சுரேஷ் ஃபோனை மறந்து வீட்டில் வைத்துவிட்டுப் போன நாளில், அவன் எண்ணிலிருந்து பத்து நொடிக் குரல் பதிவு ஒன்று போகலாம். என்ன பேசினார் என்று நமக்குத் தெரியாது, நீளம் மட்டும் தெரியும். அன்று மாலை 4 மணிக்கு அம்மா 'அவளுக்கு ஃபோன் பிடிக்க யார் சொல்லிக் குடுத்தா' என்று மட்டும் கேட்கலாம். அப்படி ஒரு தடவை செய்யலாம். ஆச்சிக்கு அதற்கு மேல் இடம் வேண்டுமென்றால் இந்த வடிவத்தை விட்டுவிட்டு, ஆச்சியை நடுவில் உட்காரவைத்து வழக்கமான சிறுகதையாக எழுதுவதுதான் சரி.